பணிவான விடை எப்போதும் சரியான விடை அல்ல

பேத்தி இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். அங்கே மருத்துவக் கல்லூரியில் சேர யூகேட் என்று ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அதற்காகப் பயிற்சிப் புத்தகமும் கையுமாகவே திரிந்தாள். மத்தியானம் சாப்பாடு முடிந்து நான் திண்ணையில் சாய்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பாட்டா, இதில ஒரு பகுதிக்கு பயாலஜி ஒண்ணும் தெரிய வேண்டாம். நீங்க பதில் சொல்லிப் பாருங்க" என்றாள்.

முப்பத்தைந்து வருடம் வங்கியில் காசு எண்ணியும் கையெழுத்துப் போட்டும் கழித்தவன் நான். மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டால் எனக்குத் தெரியாததா என்ற நினைப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் வாசித்த கேள்வியின் சாரம் இதுதான். ஒரு மருத்துவ மாணவர் வார்டில் மூத்த மருத்துவரின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார். மருத்துவர் முதல் நோயாளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைச் சுத்தம் செய்யாமலே இரண்டாவது கட்டிலுக்கு நகர்கிறார். மாணவர் என்ன செய்ய வேண்டும்? ஒன்று, இப்போது பேசாமல் இருந்து, எல்லாம் முடிந்தபின் மருத்துவரின் அறைக்குப் போய்த் தனியாகப் பணிவோடு சொல்வது. இரண்டு, அப்போதே அருகில் போய்த் தணிந்த குரலில், "சார், கை சுத்தம் செய்யும் திரவம் இதோ இருக்கிறது" என்று நீட்டுவது. மூன்று, நோயாளிகள் கேட்கும்படி உரக்கச் சொல்வது. நான்கு, யாரிடமும் பேசாமல் மாலையில் நிர்வாகத்துக்குப் புகார் எழுதுவது.

நான் யோசிக்கவே இல்லை. "முதலாவதுதான். பெரியவரைப் பத்துப்பேர் முன்னால் சொல்லலாமா? தனியாகச் சொல்வதுதான் மரியாதை" என்றேன்.

பேத்தி சிரித்தாள். "தப்பு பாட்டா. நீங்க அவரு ரூமுக்குப் போறதுக்குள்ள அவரு இன்னும் பத்துப் பேரத் தொட்டிருப்பாரு."

அவ்வளவுதான் அவள் சொன்னது. எனக்கு அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. அந்த மாணவன் செய்யக் கூடாததை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். வார்டில் அல்ல, வங்கியின் ஸ்ட்ராங் ரூம் வாசலில். அதைச் சொல்லும் முன் இந்தக் கேள்விகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

யூகேட்டில் பெரும்பாலான கேள்விகளில், கொடுத்திருக்கும் செயல் எவ்வளவு பொருத்தமானது என்று நாம் சொல்ல வேண்டும். அதற்கு நாலு படி வைத்திருக்கிறார்கள். மிகவும் பொருத்தம், பொருத்தம்தான், ஆனால் உகந்தது அல்ல, பொருத்தமற்றது, ஆனால் படுமோசம் இல்லை, மிகவும் பொருத்தமற்றது. அனுபவமுள்ள ஆட்கள் கூடி முடிவு செய்ததுதான் சரியான விடை. நமது விடை அதற்கு ஒரு படி தள்ளி இருந்தால் முழு மதிப்பெண் கிடைக்காது, ஆனாலும் கொஞ்சம் கிடைக்கும். கணக்கைப் போல ஒன்று சரி மற்றதெல்லாம் பூஜ்யம் என்று இல்லை. நம் நாட்டிலும் இந்த வகைக் கேள்வி வந்திருக்கிறது. குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வில் 2011இல் சிசாட் என்ற தாளைக் கொண்டுவந்தபோது, முடிவெடுக்கும் திறனைப் பார்க்க இதே மாதிரிக் கேள்விகளைக் கேட்டார்கள். மற்றக் கேள்விகளில் தப்பு விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள், இவற்றுக்குக் குறைக்கவில்லை. 2013 முதல் முதன்மைத் தேர்வில் அறநெறிக்கென்றே தனித் தாள் வந்து, அதில் இப்படிப்பட்ட சூழ்நிலைகளைக் கொடுத்து விரிவாக எழுதச் சொல்கிறார்கள்.

இந்தக் கேள்விகளில் நம்மைப்போன்றவர்கள் விழுகிற குழி ஒன்று உண்டு. நாலு விடைகளில் ஒன்று பார்க்க மிகப் பணிவாக இருக்கும். யாருக்கும் மனம் நோகாது, யாருக்கும் முகம் சுளியாது. வீட்டிலும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அதுதான் நல்ல பிள்ளையின் லட்சணம். வேலையிடத்தில் அது சரியா தப்பா என்று பார்க்க, அந்தப் பணிவுக்கு விலை கொடுப்பது யார் என்று கேட்க வேண்டும். வார்டு கேள்வியில் மாணவரும் மருத்துவரும் மரியாதையோடு பிரிந்துவிடுவார்கள். விலை கொடுப்பது இரண்டாவது கட்டிலில் கிடக்கிற ஆள். அவர் அந்தப் பேச்சில் இல்லவே இல்லை.

இனி என் கதை.

1986. மார்த்தாண்டத்துக்கும் கடற்கரைக்கும் இடையில் ஒரு சின்னக் கிளையில் நான் தலைமைக் காசாளர். வங்கியின் பெயர் வேண்டாம். எந்த வங்கியானாலும் அந்தக் காலத்தில் முறை ஒன்றுதான். பணம் வைக்கிற பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று காசாளரிடம், மற்றது அக்கவுண்டன்டிடம். இரண்டு சாவியும் போட்டால்தான் திறக்கும், இரண்டும் போட்டால்தான் பூட்டும். சாயங்காலம் இருவரும் சேர்ந்து இருப்பை எண்ணி, கேஷ் புத்தகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுப் பூட்ட வேண்டும். யாராவது லீவில் போனால் தன் சாவியை மேனேஜர் முன்னிலையில் வேறொரு அதிகாரியிடம் கொடுத்து, சாவி ரிஜிஸ்டரில் நேரம் போட்டுக் கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் கையில் இரண்டு சாவியும் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது.

எங்கள் அக்கவுண்டன்ட் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எனக்கு வேலை கற்றுத் தந்தவர். நோட்டை விசிறி மாதிரி விரித்துக் கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தந்தவர் அவர்தான். ஒருநாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். அன்று ராத்திரி அவர் மகன் திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்கு முதன்முதலாகப் போகிறான். வீட்டில் எல்லோரும் கார் பிடித்துக் காத்திருக்கிறார்கள். மேனேஜர் நகைக்கடன் விஷயமாக வெளியே போயிருந்தார், நாலரைக்குத்தான் வருவார். இன்னொரு அதிகாரி கவுண்டரில் கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அக்கவுண்டன்ட் என் பக்கத்தில் வந்து, மேசைக்கடியில் என் கையில் சாவியைத் திணித்தார். "தம்பி, இதையும் நீயே வச்சுக்கிடு. பூட்டிட்டுப் போ. நாளைக்கு நான் வர கொஞ்சம் பிந்தினாலும் தொறந்திரு. வந்து கையெழுத்துப் போட்டுத் தாறேன். மேனேஜர்ட்ட இப்ப ஒண்ணும் சொல்லாண்டாம்."

இது அன்றைக்கு எனக்கு வந்த சூழ்நிலைக் கேள்வி. இப்போது பேத்தியின் புத்தகம் மாதிரியே விடைகளை வரிசைப்படுத்திப் பார்க்கிறேன்.

ஒன்று, "செரி சாரே, நீங்க போயிட்டு வாங்க" என்று வாங்கிக்கொள்வது. இரண்டு, "முடியாது, சட்டம் இல்லை" என்று முகத்தில் அடித்தாற்போல் திருப்பிக் கொடுப்பது. மூன்று, வாங்கி வைத்துக்கொண்டு, அவர் போனபின் மேனேஜர் வரும்போது சொல்லிவிடுவது. நான்கு, "சாரே, ஒரு பத்து நிமிஷம் குடுங்க" என்று சொல்லி, கவுண்டரில் இருக்கும் அதிகாரியை எழுப்பி, மூவருமாக இருப்பை எண்ணி, சாவியை அவரிடம் ரிஜிஸ்டர் போட்டு மாற்றிவிட்டு, மேனேஜர் வந்ததும் அவர் ஒப்பத்தையும் வாங்குவது.

நான் செய்தது முதலாவது. மகனை வழியனுப்பப் போகிற மனுஷனிடம், அதுவும் எனக்கு வேலை சொல்லித் தந்தவரிடம், ரிஜிஸ்டர் எங்கே என்று கேட்க நாக்கு எழவில்லை. அதை மரியாதை என்றே நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று சொன்னால் பொய் இல்லை. என்னை நம்பித்தானே தந்தார்!

அன்று காலையில்தான் மிச்சப் பணத்தை நாகர்கோவிலில் உள்ள கரன்சி செஸ்டுக்கு அனுப்பியிருந்தோம். நூறு நோட்டு ஒரு பாக்கெட். பத்துப் பாக்கெட் ஒரு பண்டில். ஐம்பது ரூபாய் நோட்டு என்றால் ஒரு பாக்கெட் 5000 ரூபாய், ஒரு பண்டில் 50,000. அனுப்ப வேண்டியவற்றையும் இருப்பில் வைக்க வேண்டியவற்றையும் ஒரே மேசையில் வைத்துச் சணல் போட்டுக் கட்டினோம். சாயங்காலம் நான் தனியாக உட்கார்ந்து, பண்டில்களை வெளியிலிருந்தே எண்ணினேன். எண்ணிக்கை சரி. புத்தகத்தோடு சரி. இரண்டு சாவியும் போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நானே திறந்தேன். பதினோரு மணிக்குப் பணம் கொடுக்கும் காசாளர் ஒரு ஐம்பது ரூபாய் பண்டிலை அவிழ்த்தார். ஒன்பது பாக்கெட்தான் இருந்தது. 5000 ரூபாய் குறைவு. அன்றைக்கு அது என் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் கூடுதல்.

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டார். "நேத்து சாயங்காலம் எண்ணினது யாரு?"

"நான்தான் சார்."

"கூட?"

நான் பேசவில்லை.

"காலையில தொறந்தது?"

அதற்கும் பேசவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதும் அந்தப் பணிவின் தொடர்ச்சிதான். ஒருமுறை தப்பான இடத்தில் பணிந்துவிட்டால், அதைக் காப்பாற்ற இரண்டாவது முறை பணிய வேண்டியிருக்கிறது. இந்த முறை அது பணிவு அல்ல, மறைப்பு.

விமானம் பிந்தியதால் அக்கவுண்டன்ட் பதினொன்றேகாலுக்குத்தான் வந்தார். விஷயம் தெரிந்ததும் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் மேனேஜர் அறைக்குள் போனார். "சாவிய நான்தான் இவன் கையில குடுத்தேன். அவன் கேட்டு வாங்கல" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பதினோரு நாள் கழித்துக் கரன்சி செஸ்டிலிருந்து தகவல் வந்தது. நாங்கள் அனுப்பிய பணத்தை அவர்கள் முறைப்படி அவிழ்த்து எண்ணியபோது, ஒரு ஐம்பது ரூபாய் பண்டிலில் பதினோரு பாக்கெட் இருந்திருக்கிறது. கட்டும்போது ஒன்று இடம் மாறியிருக்கிறது. திருட்டு இல்லை, கை மறதிதான். ஆனால் அந்தப் பதினோரு நாளும் நான் கள்ளன் இல்லை என்று சாட்சி சொல்ல இந்த உலகத்தில் ஒரு ஆள் இல்லை. வீட்டில் ஆளுக்கொரு பக்கமாகக் கடன் கேட்டு, 5000 ரூபாயைக் கட்டியிருந்தேன்.

அப்போதுதான் அந்த இரண்டு சாவி எதற்கு என்பது எனக்கு உறைத்தது. இருவரில் ஒருவன் கள்ளனாக இருப்பான் என்ற சந்தேகத்தில் வைத்த ஏற்பாடு என்றே அதுவரை நினைத்திருந்தேன். அது கள்ளனைப் பிடிக்க மட்டும் அல்ல; நல்லவனுக்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதற்காகவும்தான். பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கண் இருந்திருந்தால், ஒரு பண்டில் மற்றதைவிட மெலிந்திருப்பது அன்று மாலையே தெரிந்திருக்கலாம். தெரியாமலே போயிருந்தாலும், "இருவரும் பார்த்தோம்" என்று சொல்ல ஒரு வாய் இருந்திருக்கும்.

பணம் கிடைத்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. சாவி மாறியது குற்றம்தான். இருவருக்கும் எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை, வயது இருந்தது. அவருக்கு அந்த வருடம் பதவி உயர்வு நேர்காணல். அது கைவிட்டுப் போயிற்று. நான் காட்டிய மரியாதை யாரைக் காப்பாற்றும் என்று நினைத்தேனோ, அவரைத்தான் அடித்தது.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் அவரைப் புதுக்கடைச் சந்தையில் பார்த்தேன். கையில் மீன் பை. பழைய பேச்சு வந்தது. நான் மன்னிப்பு மாதிரி எதையோ முனகினேன். அவர் சொன்னார்: "எடே, நீ அண்ணைக்கு வேண்டாம் சாரேன்னு சொல்லியிருந்தா, நான் ரெண்டு நாளு மொகத்தத் தூக்கி வச்சிட்டிருந்திருப்பேன். அவ்வளவுதான் நஷ்டம்."

இரண்டு நாள் முகச்சுளிப்பு ஒரு தட்டில், பதினோரு நாள் பழியும் ஒரு பதவி உயர்வும் மறு தட்டில். நான் எடை போட்ட லட்சணம் அது.

இப்போது மீதி மூன்று விடைகளையும் பார்ப்போம். இரண்டாவது விடை, முகத்தில் அடித்தாற்போல் மறுப்பது. சாவி தவறான கையில் போகாது, அதுவரை நல்லது. ஆனால் அந்த மனுஷனுக்குப் போக வேண்டிய அவசியம் நியாயமானது. அதற்கு வழி சொல்லாமல் மறுத்தால், அவர் சாவியை மேசை டிராயரில் போட்டுவிட்டும் போயிருக்கலாம். மறுப்பு சரி, வழி இல்லை. மூன்றாவது விடை கொஞ்சம் ஏமாற்றும். நேர்மையாகத்தானே மேனேஜரிடம் சொல்கிறோம் என்று தோன்றும். நாலரை மணிவரை இரண்டு சாவியும் ஒரே கையில் இருக்கிறது என்பது ஒன்று. அவர் முன்னால் "செரி" என்றுவிட்டு முதுகுக்குப் பின்னால் சொல்வது இன்னொன்று. சொல்வதானால் அவர் இருக்கும்போதே, அவருக்குத் தெரிந்தே சொல்ல வேண்டும். நான்காவதில்தான் காரியமும் நடக்கிறது, விதியும் நிற்கிறது, அவரும் மகனோடு போகிறார். நஷ்டம் பத்து நிமிடம், ஒரு சின்னச் சங்கடம்.

கவனித்தீர்களா? நான்காவது விடையில் கடுமையான வார்த்தை ஒன்றுகூட இல்லை. சொல்லில் பணிவு வேறு, செயலில் வளைவது வேறு. நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நானும் குழப்பினேன். ஏற்ற விடை பெரும்பாலும் மெதுவான சொல்லும் அசையாத செயலுமாக இருக்கிறது.

பணம் போனால் திரும்பி வரும், எனக்கு வந்ததைப்போல. உயிர் விஷயத்தில் இதே கேள்வி வரும்போது என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு துயரமான உதாரணம் உண்டு. 2010 மே 22ஆம் தேதி அதிகாலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் இறங்கும்போது ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் எட்டுப் பேர்தான் பிழைத்தார்கள். வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு அந்த நாள் மறக்காது.

பின்னால் நடந்த விசாரணை, விமானிகள் அறையின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்த்தது. கேப்டன் பயணத்தில் வெகுநேரம் தூங்கியிருக்கிறார். இறங்கும்போது விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்த துணை விமானி அதைக் கண்டு, இறங்காமல் மறுபடி மேலே போய்ச் சுற்றி வருவோம் என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். கருவிகளும் எச்சரித்திருக்கின்றன. கேப்டன் இறக்கிவிட்டார். சுமார் 8000 அடி ஓடுபாதையில் 5200 அடி தாண்டித்தான் சக்கரம் தரை தொட்டது. மிச்சமிருந்த தூரத்தில் நிறுத்த முடியவில்லை.

இதில் துணை விமானியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் வாயைத் திறந்தார், மூன்று முறை திறந்தார். நான் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. விசாரணை அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. எந்த நேரத்தில் துணை விமானி தானாகவே கட்டுப்பாட்டை எடுத்து விமானத்தை மேலே ஏற்றலாம் என்பதில் அன்றைய அறிவுறுத்தல்கள் தெளிவாக இல்லை. அவர் எடுக்காமல் இருந்ததற்கு அது காரணமாக இருக்கலாம் என்கிறது. இளையவனிடம் தைரியம் இருந்தால் மட்டும் போதாது. "இந்த இடத்தில் நீ மீறலாம்" என்று நிறுவனம் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். என் விஷயத்தில் எழுதியே இருந்தது. ரிஜிஸ்டர் அலமாரியில்தான் இருந்தது.

இதனால் விமானிகளுக்கும் மருத்துவமனை ஊழியர்களுக்கும் ஒரு படிக்கட்டைப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். முதல் படி, கேள்வியாகக் கேட்பது. இரண்டாவது, எனக்குக் கவலையாக இருக்கிறது என்று சொல்வது. மூன்றாவது, இது ஆபத்து, நிறுத்துங்கள் என்று நேராகச் சொல்வது. நான்காவது, சொல்லியும் கேட்காவிட்டால் தானே செயலில் இறங்குவது, அல்லது மேலே உள்ளவரைக் கூப்பிடுவது. ஒவ்வொரு படியிலும் ஏறுவது கோபம் அல்ல, தெளிவு. நேரம் இருந்தால் கீழ்ப்படியிலிருந்து தொடங்கலாம். நேரம் இல்லையென்றால் நேரே மேல்படிக்குத் தாவ வேண்டும். நம்மில் பலர் முதல் படியிலேயே நின்றுகொண்டு, "நான் சொல்லித்தான் பார்த்தேன்" என்று பின்னால் சொல்கிறவர்கள்.

என் சாவிக்கு அந்தப் படிக்கட்டைப் பொருத்திப் பார்த்தேன். "சாரே, ரிஜிஸ்டர்ல எழுதிருவோமா?" இது முதல் படி. "ரெண்டு சாவியும் என் கையில இருந்தா எனக்குப் பயமா இருக்கு சாரே." இது இரண்டாவது. "இது நான் வாங்க மாட்டேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ரெண்டு பேரும் மாட்டுவோம்." இது மூன்றாவது. இரண்டாவது படியிலேயே அவர் கேட்டிருப்பார் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

படிக்கட்டை மறந்து எடுத்த எடுப்பிலேயே உச்சிக்குப் போவதும் தப்புதான். பேத்தியின் கேள்வியில் நான்காவது விடை அப்படி. நேரில் ஒரு வார்த்தை சொல்லாமல் மாலையில் புகார் எழுதுவது. இரண்டாவது கட்டில்காரருக்கு அதனாலும் பயன் இல்லை. சின்னத் தவறை முதலில் அந்த ஆளிடமே சொல்ல வேண்டும். ஆனால் பணம் குறைவது, பொய்க் கையெழுத்து, நோயாளிக்கு வந்த கெடுதல் போன்றவற்றை இருவருக்குள் பேசி முடித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. அவை மேலே போயே ஆக வேண்டும்.

பல வருடம் கழித்து நான் மேனேஜராக இருந்தபோது இதே கேள்வி எனக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. கணினி வந்துவிட்ட காலம். பெரிய தொகைக்கு ஒருவர் பதிவு செய்ய வேண்டும், இன்னொருவர் தன் கடவுச்சொல்லைப் போட்டு அனுமதிக்க வேண்டும். பழைய இரண்டு சாவிதான், இரும்பு மட்டும் இல்லை. நான் ஒரு கூட்டத்துக்காக மார்த்தாண்டத்தில் இருந்தேன். கிளையில் ஒரு வாடிக்கையாளர் அவசரப்படுகிறார் என்று போன் வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண்ணிடம், "மக்ளே, என் பாஸ்வேர்டைச் சொல்றேன், நீயே போட்டு விட்டிரு" என்றேன். ஆம், நான்தான். 1986ஐ நான் அவ்வளவு சீக்கிரம் மறந்திருந்தேன்.

அந்தப் பெண் சொன்னாள்: "சாரே, சொல்லாதீங்க, எனக்குத் தெரியாண்டாம். நீங்க வாற வரைக்கும் அவியள இருக்கச் சொல்லி டீ வாங்கிக் குடுக்கேன்."

ஒரு நொடி எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடி பஸ்ஸைப் பிடித்தேன். முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். வாடிக்கையாளர் டீ குடித்துக்கொண்டுதான் இருந்தார். அவள் சொன்னதில் மூன்றும் இருந்தது: மறுப்பு, மறுப்புக்குள் மரியாதை, காத்திருப்பவருக்கு ஒரு வழி. எனக்கு இருபது வருடம் பிந்தி வந்த விடையை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

இதெல்லாம் வேலை பார்க்கிறவர்கள் சமாச்சாரம், நாம் ஓய்வு பெற்றுவிட்டோம் என்று வாசிக்கிற நண்பர்கள் நினைக்கலாம். உங்களுக்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் வங்கிக்கு வருகிறார். தன் நிரந்தர வைப்பு முழுவதையும் உடைத்து, முன்பின் தெரியாத ஒரு கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். முகம் வெளிறியிருக்கிறது. கையில் போன், அழைப்பு அணைக்கப்படவில்லை. கவுண்டரில் இருக்கிற பையன் என்ன செய்ய வேண்டும்? பெரியவர் பணம், அவர் விருப்பம், நாம் ஏன் துருவிக் கேட்க வேண்டும் என்று சிரித்த முகத்தோடு உடனே அனுப்பிக் கொடுப்பதுதான் பணிவான விடை. போலீஸ் என்றும் சி.பி.ஐ. என்றும் சொல்லி, டிஜிட்டல் கைது என்று மிரட்டுகிற கூட்டம் அந்தப் பணிவை நம்பித்தான் பிழைக்கிறது. அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது.

ஏற்ற விடை, "பெரியவரே, ஒரு நிமிஷம் உள்ளே வாங்க, போனை அணையுங்க, யாருக்கு அனுப்புறீங்க?" என்று கேட்பது. பெரியவர் கோபப்படலாம். "என் பணத்துக்கு உனக்கு என்னடே கணக்கு?" என்றுகூடக் கேட்கலாம். கேட்டால் கேட்கட்டும். பணம் போன பிறகு 1930 என்ற எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் அழைத்தாலும், போகுமுன் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது.

நாளைக்கு நம் வங்கியில் ஒரு பையன் நம்மிடம் அப்படிக் கேட்டால் முகத்தைத் தூக்காமல் இருப்போம். தூக்கினாலும் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.